சுமையும் ஆயுளும்: கிரேப் இறப்பர் ஆலையில் ஒரு பேரிங் கணக்கு

உருளும் பேரிங் ஒன்றின் மதிப்பிட்ட ஆயுள் அந்தத் தனி ஒரு பேரிங்குக்குத் தரப்படும் உத்தரவாதம் அல்ல. ஒரே வகையைச் சேர்ந்த பல பேரிங்குகளை ஒரே சுமையில், ஒரே வேகத்தில், நல்ல உயவுடன் ஓடவிட்டால், அவற்றில் 100-க்கு 90 எத்தனை சுழற்சிகளை உலோகச் சோர்வு தலைகாட்டாமல் கடக்கும் என்பதையே அது சொல்கிறது. மீதிப் பத்து அதற்கு முன்பே பழுதாகும் என்பது கணக்கிலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். இதனால்தான் இந்த ஆயுளுக்கு L10 என்ற குறியீடு நிலைத்தது. அதே கூட்டத்தில் பாதி பேரிங்குகள் பழுதாக எடுக்கும் காலம் L10 ஆயுளைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு. ஒரே நாளில் வாங்கி, ஒரே இயந்திரத்தில் பூட்டிய இரண்டு பேரிங்குகளில் ஒன்று 2 வருடத்திலும் மற்றது 15 வருடத்திலும் போவது, இந்த விரிந்த பரம்பலுக்குள் அடங்கும் சாதாரண நிகழ்வுதான்.

ஆயுளைக் கணக்கிடும் சூத்திரம் சிறியது.

```
L10  = (C / P)^p              (மில்லியன் சுழற்சிகள்)
L10h = (1000000 / (60 × n)) × (C / P)^p   (மணித்தியாலங்கள்)
```

இதில் P என்பது பேரிங் சுமக்கும் சமானச் சுமை. n என்பது ஒரு நிமிடத்துக்கான சுற்று. குண்டு பேரிங்குக்கு p = 3; உருளை பேரிங்குக்கு p = 10/3. C என்பது உற்பத்தியாளரின் பட்டியலில் காணப்படும் இயக்கச் சுமைத் திறன். அந்தச் சுமையில் ஓடினால் L10 ஆயுள் சரியாக 10 இலட்சம் சுழற்சி. நிமிடத்துக்கு 300 சுற்றில் அது வெறும் 56 மணித்தியாலம். ஆகவே C-யைப் பேரிங் தாங்கக்கூடிய சுமை என்று வாசிப்பது தவறு. அது ஆயுளைக் கணக்கிடுவதற்கான ஓர் அளவுகோல் மட்டுமே. நடைமுறையில் பேரிங் அதன் ஒரு சிறு பங்கைத்தான் சுமக்கிறது.

ஆலையில் ஒரு தண்டு

கொழும்பு-கண்டி வீதியில் உள்ள வரக்காப்பொல கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்தது. சப்ரகமுவவின் இந்தப் பகுதியில் தேயிலையோடு இறப்பரும் முக்கியமான தோட்டப் பயிர். தோட்ட இறப்பரைக் கிரேப்பாக மாற்றும் ஆலையில் பாலைப் போர்மிக் அமிலம் இட்டுக் கட்டியாக்கி, அந்தக் கட்டியை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரட்டை உருளை இயந்திரங்களில், தண்ணீர் ஊற்றியபடியே பலமுறை விடுகிறார்கள். முதல் உருளைகளின் பள்ளம் ஆழமானது. கடைசி உருளைகள் வழுவழுப்பானவை. கனத்த கட்டி முதலில் நுழையும் இயந்திரமே அதிக வலுவை இழுக்கிறது.

அப்படியான ஓர் இயந்திரத்தின் உந்துத் தண்டைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். கீழ்வரும் அளவுகள் குறிப்பிட்ட எந்த ஆலையுடையவையும் அல்ல. இந்த அளவு இயந்திரத்துக்குப் பொருந்தக்கூடிய உதாரண அளவுகள். நிமிடத்துக்கு 960 சுற்றில் ஓடும் 22 கிலோவாற்று மோட்டரில் 200 மில்லிமீற்றர் கப்பி இருக்கிறது. அதிலிருந்து வீ-பெல்ட்டுகள் 640 மில்லிமீற்றர் கப்பியைச் சுழற்றுகின்றன. பெரிய கப்பி பூட்டிய தண்டு நிமிடத்துக்கு 300 சுற்றில் ஓடி, மறு முனையிலுள்ள இணைப்பு வழியாகப் பற்சக்கரப் பெட்டிக்கு வலுவைக் கொடுக்கிறது. தண்டின் விட்டம் 60 மில்லிமீற்றர். வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் அமைந்த இரண்டு குண்டு பேரிங்குகள், 500 மில்லிமீற்றர் இடைவெளியில் அதைத் தாங்குகின்றன. கப்பியோ இரண்டுக்கும் இடையில் இல்லை. ஒரு பேரிங்குக்கு வெளியே 150 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. 60 மில்லிமீற்றர் துளையுள்ள UC212 வகைப் பேரிங்கின் C பெறுமானம் சுமார் 52 கிலோநியூற்றன்.

இந்தப் பேரிங் மீதான சுமை மோட்டரின் பெயர்த்தகட்டில் எழுதப்பட்டிருக்காது. அதைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க வேண்டும். 22 கிலோவாற்றை 300 சுற்றில் கடத்தத் தேவையான முறுக்கம் சுமார் 700 நியூற்றன் மீற்றர். அதைக் கப்பியின் ஆரையான 0.32 மீற்றரால் வகுத்தால், பெல்ட் விளிம்பில் இழுக்க வேண்டிய பயனுள்ள விசை ஏறத்தாழ 2,190 நியூற்றன். ஆனால் தண்டு உணர்வது இதை மட்டும் அல்ல. பெல்ட் வழுக்காதிருக்க அதன் தளர்ந்த பக்கத்திலும் இழுவை இருந்தாக வேண்டும். இறுகிய பக்கம், தளர்ந்த பக்கம் இரண்டின் இழுவையும் சேர்ந்தே தண்டை மோட்டரை நோக்கி இழுக்கின்றன. வீ-பெல்ட்டுக்கு இந்த மொத்த இழுவையைப் பயனுள்ள விசையின் 2 முதல் 2.5 மடங்கு என்று பேரிங் பட்டியல்கள் எடுத்துக்கொள்கின்றன. இங்கே 2.3 மடங்கு என்று வைத்தால் தண்டை இழுக்கும் விசை சுமார் 5,000 நியூற்றன். பெல்ட் கிடையாக இழுக்கும் அமைப்பில் கப்பியின் எடை இதற்குச் செங்குத்தாக இருப்பதால், விளைவில் அது சேர்ப்பது மிகக் குறைவு.

கப்பி வெளியே தொங்குவதால் அருகிலுள்ள பேரிங் இந்த 5,000 நியூற்றனை விடவும் கூடுதலாகச் சுமக்கிறது. இரண்டு பேரிங்குகளுக்கும் இடைப்பட்ட 500-உடன் வெளியே தொங்கும் 150-ஐக் கூட்டி 500-ஆல் வகுத்தால் 1.3. ஆக, கப்பிப் பக்கப் பேரிங்கின் சுமை 6,500 நியூற்றன், அதாவது 6.5 கிலோநியூற்றன். தூரத்துப் பேரிங் எதிர்த்திசையில் 1.5 கிலோநியூற்றனை மட்டுமே சுமக்கிறது. ஆகவே சோர்வால் பழுதாவதில் முந்துவது அநேகமாக எப்போதும் கப்பிப் பக்கப் பேரிங்தான்.

இனிச் சூத்திரம். 52-ஐ 6.5-ஆல் வகுத்தால் 8. அதன் மூன்றாம் அடுக்கு 512. எனவே L10 ஆயுள் 512 மில்லியன் சுழற்சி, நிமிடத்துக்கு 300 சுற்றில் சுமார் 28,400 மணித்தியாலம். நாளுக்கு 8 மணித்தியாலம், வருடத்துக்கு 300 நாள் என்று ஆலை ஓடினால் வருடத்துக்கு 2,400 மணித்தியாலம். அந்த வேகத்தில் இந்த ஆயுள் ஏறத்தாழ 12 வருடம்.

மூன்றாம் அடுக்கு எங்கிருந்து வந்தது

சுமைக்கும் ஆயுளுக்கும் உள்ள இந்த உறவை முதலில் அடுக்கு வடிவில் எழுதியவர் சுவீடனின் எஸ்கேஎஃப் நிறுவனத்தில் பணியாற்றிய அர்விட் பால்ம்கிரென். குண்டு பேரிங்குகளின் ஆயுள் பற்றிய அவரது கட்டுரை 1924-இல் ஜெர்மன் பொறியியலாளர் சங்கத்தின் இதழில் வெளியானது. பொருட்களின் உறுதியை நிகழ்தகவோடு இணைத்து 1939-இல் வைபுல் முன்வைத்த பரம்பல் அதற்கு ஓர் அடித்தளம் கொடுத்தது. அதைப் பயன்படுத்தி குஸ்தாவ் லுண்ட்பெர்க்கும் பால்ம்கிரெனும் 1947-இல் வெளியிட்ட கோட்பாடே இன்றும் நடைமுறையில் உள்ள கணக்கின் வேர். அது 1962-இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் பரிந்துரையாகி, பின்னர் ஐஎஸ்ஓ 281 என்ற தரமாக வளர்ந்தது.

மூன்றாம் அடுக்குக்குக் காரணம் குண்டும் வளையமும் தொடும் இடத்தில் இருக்கிறது. சுமை ஏறும்போது அந்தத் தொடுபரப்பும் விரிவடைவதால், அங்குள்ள அதிகபட்ச அழுத்தம் சுமையின் கனமூலத்தைப் போல மெல்லத்தான் ஏறுகிறது. சுமையை இரட்டிப்பாக்கினால் அழுத்தம் சுமார் 26 வீதமே கூடும். ஆனால் உருக்கின் சோர்வு அழுத்தத்துக்கு மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டுகிறது: ஆயுள் அழுத்தத்தின் ஏறத்தாழ ஒன்பதாம் அடுக்குக்கு எதிராகக் குறைகிறது. கனமூலத்தின் ஒன்பதாம் அடுக்கு மூன்றாம் அடுக்காகிறது. உருளை பேரிங்கில் தொடுகை புள்ளியாக இல்லாமல் கோடாக இருப்பதால் இந்த உறவு சற்று மாறி, அடுக்கு 10/3 ஆகிறது. அங்கே சுமை இரட்டித்தால் ஆயுள் பத்தில் ஒன்றாகும். குண்டு பேரிங்கில் எட்டில் ஒன்றாகும்.

வேகம் இப்படி நடந்துகொள்வதில்லை. சுமை மாறாமல் சுற்று மட்டும் இரட்டித்தால் மணித்தியாலங்கள் பாதியாகும், அவ்வளவே. மொத்தச் சுழற்சி எண்ணிக்கை மாறாது. ஆயுள் குறைந்துபோனதற்குக் காரணம் தேடுகையில் வேகத்தைவிடச் சுமையை முதலில் பார்ப்பதற்கு இதுவே நியாயம்.

இறுக்கமும் இடமும்

உதாரணத் தண்டில் மோட்டரை மாற்றாமல், இறப்பரைக் கூட்டாமல், பேரிங்கின் சுமையை மாற்றக்கூடியவை மூன்று: பெல்ட்டின் வகை, பெல்ட்டின் இறுக்கம், கப்பி நிற்கும் இடம்.

பழைய ஆலைகளில் ஒரே நீண்ட தண்டிலிருந்து தட்டைப் பெல்ட் வழியாகப் பல இயந்திரங்களை ஓட்டும் வழக்கம் இருந்தது. தட்டைப் பெல்ட்டுக்குக் கப்பியின் பள்ளத்தில் ஆப்புப்போலப் பிடிக்கும் வசதி இல்லை. உராய்வை மட்டுமே நம்பியிருப்பதால் அதை அதிகமாக இறுக்க வேண்டும். இழுப்புக் கப்பி இல்லாத தட்டைப் பெல்ட்டுக்குத் தண்டின் இழுவையைப் பயனுள்ள விசையின் 4 முதல் 5 மடங்கு என்று கணக்கிடுகிறார்கள். இதே 22 கிலோவாற்றை அப்படிக் கடத்தினால் தண்டின் இழுவை 10,000 நியூற்றனைத் தொடும். பேரிங் சுமை 13 கிலோநியூற்றனாகும். கடத்தப்படும் வலுவில் ஒரு துளி கூடவில்லை. ஆனால் ஆயுள் 28,400 மணித்தியாலத்திலிருந்து சுமார் 3,550-க்கு இறங்குகிறது. 12 வருட ஆயுள் ஒன்றரை வருடமாகிவிடுகிறது.

வீ-பெல்ட்டிலும் இதே ஆபத்து சிறிய அளவில் உண்டு. மழைக்காலத்தில் பெல்ட் சற்று வழுக்கிக் கிறீச்சிட்டதும் மோட்டரின் போல்ட்டுகளை இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்குவது வழக்கமான வேலை. இறுக்கம் 20 வீதம் கூடினால் பேரிங் சுமை 7.8 கிலோநியூற்றனாகி, ஆயுள் சுமார் 16,500 மணித்தியாலத்துக்கு இறங்கும். ஏறத்தாழ 7 வருடம். கையால் அழுத்திப் பார்த்து 20 வீத வித்தியாசத்தை உணர முடியாது. அதனால்தான் அளவெடுக்கும் முறை தேவைப்படுகிறது. இரண்டு கப்பிகளுக்கும் நடுவே பெல்ட்டைச் செங்குத்தாக அழுத்தி, தொங்கும் நீளத்தின் ஒவ்வொரு மீற்றருக்கும் சுமார் 16 மில்லிமீற்றர் தாழ்த்த எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதைச் சுருள் தராசால் பார்த்து, பெல்ட் உற்பத்தியாளரின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். தொங்கும் நீளம் 1.2 மீற்றராக இருந்தால் தாழ்வு 19 மில்லிமீற்றர். புதிய பெல்ட் முதல் சில மணித்தியாலங்களில் நீண்டு தளர்வதால், அதற்குப் பின்னரும் ஒருமுறை அளக்க வேண்டும்.

மூன்றாவது, கப்பியின் இடம். தண்டில் இடம் இருந்தால் கப்பியைப் பேரிங்குக்கு 75 மில்லிமீற்றர் நெருக்கமாக நகர்த்தலாம். பெல்ட்டின் நேர்கோடு கெடாமல் மோட்டரையும் அதே அளவு நகர்த்த வேண்டும் என்பது நிபந்தனை. அப்போது 1.3 என்ற பெருக்கம் 1.15 ஆகக் குறையும். பேரிங் சுமை 5.75 கிலோநியூற்றனாகும், ஆயுள் சுமார் 41,000 மணித்தியாலமாக உயரும். இதோடு ஒப்பிட்டால், தண்டைப் புதிதாகக் கடைந்து, அடுத்த அளவான 65 மில்லிமீற்றர் பேரிங்கைப் பொருத்தி என்ன கிடைக்கும்? அந்த UC213-இன் C சுமார் 57 கிலோநியூற்றன். கப்பி பழைய இடத்திலேயே இருந்தால் ஆயுள் ஏறத்தாழ 37,500 மணித்தியாலம். பேரிங்கைப் பெரிதாக்குவதைவிடச் சுமையைக் குறைப்பது மலிவானது மட்டுமல்ல, இங்கே பலனிலும் முந்துகிறது.

மாறும் சுமையும் சராசரியின் பொறியும்

மேலே சொன்ன கணக்கு சுமை நாள் முழுதும் ஒரே அளவில் இருக்கிறது என்று கொள்கிறது. கிரேப் ஆலையில் அப்படி இருப்பதில்லை. கனத்த கட்டி உருளைகளுக்குள் நுழையும்போது முறுக்கம் எகிறும். அது மெல்லிய தகடாக வெளியேறும் நேரத்தில் இறங்கும். வேலை நேரத்தின் முக்கால் பங்கில் பேரிங் 6.5 கிலோநியூற்றனும், கால் பங்கில் 10 கிலோநியூற்றனும் சுமப்பதாக வைக்கலாம்.

இவற்றின் சாதாரணச் சராசரி சுமார் 7.4 கிலோநியூற்றன், அதைச் சூத்திரத்தில் இட்டால் கிடைப்பது ஏறத்தாழ 19,500 மணித்தியாலம். இது உண்மையை மிகைப்படுத்திய எண். சரியான வழி, ஒவ்வொரு சுமையும் ஆயுளில் எவ்வளவு பங்கைத் தின்கிறது என்று தனித்தனியே பார்த்துக் கூட்டுவது. பால்ம்கிரென் 1924-லேயே முன்வைத்து, பின்னர் 1945-இல் மைனரால் பொதுவாக்கப்பட்ட முறை இது. 6.5 கிலோநியூற்றனில் மட்டும் ஓடினால் ஆயுள் 28,400 மணித்தியாலம். 10 கிலோநியூற்றனில் மட்டும் ஓடினால் 7,800. ஒரு மணித்தியால வேலையில் முதலாவது 28,400-இன் முக்கால் பங்கையும், இரண்டாவது 7,800-இன் கால் பங்கையும் அல்ல, முக்கால் மணித்தியாலத்தை 28,400-ஆலும் கால் மணித்தியாலத்தை 7,800-ஆலும் வகுத்துக் கிடைக்கும் பின்னங்களைத்தான் செலவழிக்கின்றன. இரண்டு பின்னங்களையும் கூட்டித் தலைகீழாக்கினால் மொத்த ஆயுள் சுமார் 17,100 மணித்தியாலம்.

இந்தக் கூட்டலில் மணித்தியாலக் கணக்கைவிட முக்கியமான ஒன்று தெரிகிறது. நேரத்தில் கால் பங்கே எடுத்துக்கொண்ட கனத்த சுமை, ஆயுளில் 55 வீதத்தைச் செலவழித்திருக்கிறது. ஆலையில் நாள் முழுதும் பேரிங் அமைதியாக ஓடுவதைப் பார்த்து எடுக்கும் முடிவு, கட்டி நுழையும் அந்தச் சில நொடிகளைக் காணாமல் விட்டுவிடும். கட்டியை ஒரே அடியாகத் திணிக்காமல் மெல்லிய துண்டுகளாகச் சீராக ஊட்டுவது உச்சச் சுமையைக் குறைக்கிறது. அதனால் பேரிங்குக்கு நேரடியாக ஆயுள் கூடுகிறது.

கணக்குக்கு அப்பால்

இந்த மணித்தியாலங்கள் சோர்வு ஒன்றையே முடிவாகக் கொண்டவை. உயவுப் படலம் சரியாக இருக்கிறது, கிறீஸில் நீரோ மணலோ இல்லை, தண்டும் கூடும் ஒரே நேரில் உள்ளன என்பவை அவற்றின் அடியில் மறைந்திருக்கும் நிபந்தனைகள். பேரிங் சுமை C-யின் பாதியைத் தாண்டினாலும் சூத்திரத்தை அப்படியே நம்பக் கூடாது. ஐஎஸ்ஓ 281-இன் 2007 பதிப்பு, உயவின் தடிப்பையும் அசுத்தத்தையும் கணக்கில் கொள்ளும் ஒரு காரணியால் அடிப்படை ஆயுளைப் பெருக்கச் சொல்கிறது. சுத்தமான சூழலில் அந்தக் காரணி 1-ஐ விடப் பெரிதாக இருக்கலாம். நீரும் அழுக்கும் புகுந்த பேரிங்கில் அது 1-க்கு வெகு கீழே இறங்கும், 0.2 என்றானால் 28,400 மணித்தியாலம் சுமார் 5,700 ஆகச் சுருங்கிவிடும். உருளைகளின் மேல் இடையறாது தண்ணீர் ஊற்றும், அமிலம் கலந்த கழிவுநீர் தெறிக்கும் கிரேப் ஆலைக்கு இது வெறும் கற்பனை நிலைமை அல்ல.

எனவே பழுதான பேரிங்கை வெட்டித் திறந்து பார்ப்பது கணக்கின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். சோர்வால் பழுதான பேரிங்கில் ஓடுபாதையின் உருக்குச் செதிள் செதிளாகப் பெயர்ந்திருக்கும். தண்டு சுழன்று வெளிவளையம் நிலையாக நிற்கும் இந்த அமைப்பில், அந்தச் சேதம் வெளிவளையத்தில் பெல்ட் இழுக்கும் பக்கத்திலேயே, சுற்றளவின் பாதிக்கும் குறைவான ஒரு பகுதியில் காணப்படும். உள்வளையத்தில் பாதை முழுச் சுற்றும் தேய்ந்திருக்கும். செதிள் அப்படி விழுந்து, கூடவே கணக்கிட்ட ஆயுளைவிட வெகு சீக்கிரம் விழுந்திருந்தால் சுமைதான் சந்தேகத்துக்குரியது.

மாறாக, ஓடுபாதையில் குண்டுகளின் இடைவெளிக்கு ஒப்பான இடைவெளியில் துருப்பிடித்த கறுப்புப் புள்ளிகள் இருந்தால், இயந்திரம் நின்றிருந்த நேரத்தில் உள்ளே நீர் தேங்கியிருக்கிறது. பாதை மங்கலாகத் தேய்ந்து பளபளப்பு இழந்திருந்தால் மணலோ உலோகத் துகளோ புகுந்திருக்கிறது. பாதை வளையத்தின் விளிம்புக்குச் சமாந்தரமாக இல்லாமல் சாய்ந்து ஓடியிருந்தால் தண்டும் கூடும் நேரில் இல்லை. இந்த மூன்று நிலைகளிலும் பெல்ட்டைத் தளர்த்துவதாலோ பெரிய பேரிங் போடுவதாலோ ஆயுள் நீளாது. நீரைத் தடுக்கும் முத்திரை, முறையான கிறீஸ் இடைவெளி, தெறிக்கும் நீருக்கு ஒரு தகரத் தடுப்பு, கூட்டின் நேர்மை ஆகியவையே மருந்து.

ஆகவே ஆலையில் பேரிங் அடிக்கடி போனால் செய்ய வேண்டியவற்றின் வரிசை இது. முதலில் போன பேரிங்கின் பாதையை வாசிக்க வேண்டும். அது சோர்வைக் காட்டினால் பெல்ட்டின் இறுக்கத்தை அளந்து, கப்பி தொங்கும் நீளத்தையும் ஊட்டும் முறையையும் திருத்த வேண்டும். இவை முடிந்த பிறகும் கணக்கு போதாது என்றால் மட்டுமே பெரிய பேரிங்கை யோசிக்கலாம். சுமையில் குறைக்கும் ஒவ்வொரு 20 வீதமும் குண்டு பேரிங்கின் ஆயுளை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது.